சீட் வராத எனக்குத் தண்ணீர் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு

இந்த வருடம் எங்கள் ஊர் மாரியம்மன் பொங்கலுக்குப் போயிருந்தபோது, கோயில் வாசலில் ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்கண்ணு, நீ டாக்டருக்குத்தான படிச்சே, இப்ப எந்த ஆஸ்பத்திரில இருக்கறே?" என்று கேட்டார். அவருக்கு என்மேல் நிஜமான பாசம். சுற்றி உறவுக்காரர்கள் நின்றார்கள், பறைச் சத்தம் வேறு, அதனால் "ஈரோட்டுப் பக்கமுங்க பெரியம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. நான் டாக்டர் இல்லை, டயாலிசிஸ் டெக்னீஷியன். எப்படி இங்கே வந்தேன், யார் யார் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்று ஒருமுறை முழுதாக எழுதிவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதுதான் இந்த மடல்.

முதலில் சீட் விஷயம். 2018ல் பிளஸ் டூ முடித்து நீட் எழுதினேன், 231. ஒரு வருடம் கோச்சிங் போய் 2019ல் மறுபடி எழுதினேன், 368. அந்த வருடம் எங்களைப் போன்ற இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தகுதி மதிப்பெண் 107தான். அதனால் ஊரெல்லாம் "பாஸ் ஆயிருச்சாம்" என்று பேச்சு. ஒரு மாமா ஸ்வீட் பாக்ஸோடு வந்துவிட்டார். அவரிடம் உட்கார்ந்து விளக்க எனக்கு அன்று தெம்பு இல்லை. பாஸ் என்பது கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்கலாம் என்ற அனுமதி மட்டும்தான். சீட் கிடைப்பது மாநில ரேங்க் பட்டியலில் நமக்கு மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள், நம் பிரிவில் எத்தனை இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அரசுக் கல்லூரி இடம் என் வரிசைக்கு எட்டவில்லை. சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்கவில்லை, ஏனென்றால் கோச்சிங்குக்கே அம்மாவைப் பெற்ற அமுச்சி தன் இரண்டு எருமைகளில் ஒன்றை விற்றிருந்தார்.

அமுச்சி, உனக்குத்தான் முதல் நன்றி. ரிசல்ட் வந்த அன்று நீ என்னை ஒன்றும் கேட்கவில்லை. "சோத்தத் தின்னுட்டுப் போய்ப் படு சாமி" என்று மட்டும் சொன்னாய். அந்த எருமையைப் பற்றி இன்று வரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்புறம் எங்கள் விலங்கியல் டீச்சர். மூன்றாம் வருடமும் எழுதுவதா, ஏதாவது பி.எஸ்ஸி. சேர்வதா என்று தெரியாமல் நான் அறையைவிட்டு வெளியே வராமல் கிடந்த நாட்களில், ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தார். கையில் துணை மருத்துவப் படிப்புகளின் தகவல் கையேடு இருந்தது. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழுவே நடத்துகிற கவுன்சிலிங், நீட் வேண்டாம், பிளஸ் டூவில் வாங்கிய மதிப்பெண்தான் கணக்கு என்றார். நர்சிங், பி.பார்ம், பிசியோதெரபி தவிர ரேடியாலஜி, கார்டியாக் டெக்னாலஜி, ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ் என்று ஒரு பெரிய பட்டியல். அதில் பாதிப் பெயரை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. இரண்டு வருடம் நீட் என்ற ஒரு வார்த்தையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, என் பிளஸ் டூ மார்க்குக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது என்பதே செய்தியாக இருந்தது. டீச்சர், "டாக்டர் ஆகலைன்னா இதாவது" என்று நீங்கள் சொல்லவில்லை. ஒவ்வொரு படிப்பிலும் என்ன வேலை, காலையில் போனதும் என்ன செய்வார்கள் என்று உங்கள் பழைய மாணவிகளிடம் போனில் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு வந்திருந்தீர்கள். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

டயாலிசிஸைத் தேர்ந்தெடுத்தது என் அப்பாவால். அப்பா திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை செய்தவர். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டபோது சில மாதம் வேலை இல்லாமல் இருந்து, அதற்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆர்ஓ பிரிவில் சேர்ந்தார். தண்ணீரைத் தொட்டுப் பார்த்தே உப்புத்தண்ணீரா நல்ல தண்ணீரா என்று சொல்கிற ஆள். அவரோடு பட்டறையில் வேலை பார்த்த ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க அப்பா என்னையும் கூட்டிப்போனார். நான் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா பின்பக்கம் போன குழாயைப் பார்த்துவிட்டு, "இதுக்குத் தண்ணி எங்கிருந்துங்க வருது?" என்று அங்கிருந்த டெக்னீஷியனிடம் கேட்டார். அவர் கூட்டிப்போய்க் காட்டிய அறையில் மணல் ஃபில்டர், சாப்ட்னர், கார்பன் டேங்க், ஆர்ஓ மெம்பரேன் எல்லாம் வரிசையாக நின்றன. அப்பா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். திரும்பி வரும்போது பஸ்ஸில், "நம்ம பட்டறைல இருக்கறதுதான் கண்ணு, சின்னதா வச்சிருக்காங்க. அங்க தண்ணி கெட்டா துணி திட்டுத்திட்டா போயிரும். இங்க தண்ணி கெட்டா என்னாகும்னு யோசிச்சுப் பாரு" என்றார். கவுன்சிலிங்கில் என் முறை வந்தபோது டயாலிசிஸ் டெக்னாலஜி என்று சொன்னேன். மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி, நடுவில் கொரோனா, 2023ல் வெளியே வந்தேன்.

படிக்கும்போது எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்த சீனியர் அக்காவை விட்டுவிடக் கூடாது. கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா செய்திருப்பார்கள். அதில் ஊசி ஏற்றுவதற்கு முன் விரல் வைத்தால் பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வு தெரியும். முதல் ஒரு மாதம் அக்கா என்னை ஊசியையே தொட விடவில்லை. தினமும் எல்லார் கையிலும் விரல் வைத்து அந்த அதிர்வை மட்டும் உணரச் சொன்னார். அது குறைந்திருந்தால் ரத்த ஓட்டம் அடைபடப் போகிறது என்று அர்த்தம். அக்கா, அந்த ஒரு மாதத்தால் இரண்டு பேருடைய ஃபிஸ்டுலா அடைபடும் முன்னே டாக்டரிடம் அனுப்ப முடிந்திருக்கிறது. அந்த இரண்டும் உங்கள் கணக்கு.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த நாள். 2024 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் அப்போது வேலை செய்த மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அங்கே ஆறு நாற்காலி, காலை ஆறரைக்கு முதல் ஷிப்ட்.

அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நடந்தது புரியாது. நாம் குடிக்கிற தண்ணீர் வயிறு, குடல் வழியாகப் போகிறது, உடம்பு வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததைத் தள்ள வழி இருக்கிறது. டயாலிசிஸில் அப்படி இல்லை. ரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு மட்டும்தான், சின்ன உப்புகள் இரண்டு பக்கமும் தாராளமாகப் போய்வரும். நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் நான்கு மணி நேரம் ஓடினால் 120 லிட்டர். ஒருவர் இரண்டு மாதத்தில் குடிக்கிற அளவு தண்ணீர் ஒரே காலையில் அவர் ரத்தத்தை உரசிக்கொண்டு போகிறது. அதனால் அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்து போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், சோப்பு நுரைக்காது. அதிலிருந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் முதலில் எடுப்பது சாப்ட்னர், மீதியை எடுப்பது ஆர்ஓ.

அன்று எட்டு மணி வாக்கில் மூன்றாம் நாற்காலி மாமா தலை வலிக்கிறது என்றார். சென்னிமலைப் பக்கம் தறி ஓட்டியவர், எளிதில் எதையும் சொல்லமாட்டார். பிரஷர் பார்த்தால் 190. ஆரம்பிக்கும்போது 150. டயாலிசிஸில் உடம்பிலிருந்து நீரை எடுக்கிறோம், அதனால் பொதுவாக நேரம் போகப் போகப் பிரஷர் இறங்கும், இறங்குவதுதான் எங்கள் தினசரிக் கவலை. ஏறுவது சிலருக்கு நடப்பதுதான், அதனால் மாத்திரை விட்டுவிட்டாரோ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் ஐந்தாம் நாற்காலியில் வாந்தி. இரண்டாம் நாற்காலி அக்கா உடம்பெல்லாம் காந்துகிறது என்றார், அவருக்கும் பிரஷர் ஏறியிருந்தது. ஒருவருக்கு வந்தால் அது அவர் உடம்பில் தேட வேண்டியது. ஒரே ஷிப்டில் மூன்று பேருக்கு ஒரே மாதிரி வந்தால், மூன்று பேருக்கும் பொதுவாக இருக்கிற ஒன்றைத் தேட வேண்டும். பொதுவாக இருந்தது தண்ணீர்.

குளோரின் முதலில் நினைவுக்கு வந்தது. அது தப்பி வந்தால் ரத்த அணுக்கள் உடைந்து, டியூபில் ரத்தம் ஒயின் நிறத்துக்கு மாறும். டியூபைத் தூக்கிப் பார்த்தேன், நிறம் சரியாக இருந்தது, காலையில் எடுத்த குளோரின் டெஸ்ட்டும் சரி. மெஷினில் கரைசல் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று காட்டும் கண்டக்டிவிட்டி 14.2, அலாரம் இல்லை. மெஷினை நம்பியிருந்தால் அங்கேயே ஏமாந்திருப்பேன். அந்த எண்ணைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சோடியம். கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறினாலும் அதில் கடைசி இலக்கம் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். ஆர்ஓ அறைக்கு ஓடினேன். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 190. சுவரில் தொங்கிய ரிஜிஸ்டரில் பதினோரு நாளாக 18, 18, 18.

ஆறு மெஷினையும் பைபாஸில் போட்டேன். பைபாஸில் போட்டால் ரத்தம் சுற்றும், தண்ணீர் சவ்வைத் தொடாது. டாக்டருக்குப் போன் செய்தேன். எனக்கு ஒன்றரை வருட அனுபவம்தான், ஆறு பேருக்கும் நிறுத்துகிறேன் என்று சொல்லும்போது குரல் நடுங்கியது. டாக்டர், நீங்கள் "நிச்சயமா தெரியுமா?" என்று கேட்கவில்லை. "நிறுத்து, எல்லாருக்கும் கால்சியம் டெஸ்ட்டுக்கு ரத்தம் அனுப்பு, வந்துட்டிருக்கேன்" என்றீர்கள். நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டிருந்தால் நான் தயங்கியிருப்பேன், அந்த நேரத்தில் எனக்கு நிச்சயம் எதுவும் இல்லை. அதற்காகத்தான் உங்களுக்கு நன்றி.

அப்புறம் அப்பாவுக்குப் போன். மேலதிகாரியிடம் கேட்காமல் அப்பாவிடம் கேட்டதற்குப் பின்னால் பேச்சு வாங்கினேன், பரவாயில்லை. அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "உப்புத் தொட்டி நெறைஞ்சிருக்குதா?" நிறைந்திருக்கிறது என்றேன். "மேல பாக்காத சாமி. ஒரு குச்சிய எடுத்துக் குத்திப் பாரு." துடைப்பக் கட்டையால் குத்தினேன். மேலே பாறை மாதிரி இருந்தது. இன்னும் ஓங்கிக் குத்தியதும் கட்டை பொத்தென்று உள்ளே போனது. கீழே உப்பே இல்லை, வெறும் குழி.

சாப்ட்னருக்குள் இருக்கிற ரெசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். பிடித்துப் பிடித்து நிறைந்ததும் கெட்டியான உப்புத் தண்ணீரை விட்டு அலசினால்தான் மறுபடி வேலை செய்யும். மழைக்கால ஈரத்தில் உப்பு மேலே ஒட்டி இறுகி ஒரு பாலம் மாதிரி நின்றுவிட்டது. எட்டிப் பார்க்கிறவருக்குத் தொட்டி நிறைந்து தெரியும். கீழே இருந்த தண்ணீர் உப்பைத் தொடவே இல்லை. அலசல் தினமும் நேரத்துக்கு நடந்திருக்கிறது, வெறும் தண்ணீரில். கடினத் தண்ணீர் நேராக ஆர்ஓவுக்குப் போய், மெம்பரேனில் சுண்ணாம்பு படிந்து, கொஞ்சம் கொஞ்சமாக அதுவும் கைவிட்டது. சாப்ட்னர் கெட்ட முதல் நாளே தெரிய வேண்டியது. ஆர்ஓ அதை மறைத்துத் தாங்கிக்கொண்டே இருந்ததால் இத்தனை நாள் தெரியவில்லை.

கடினத்தன்மை பார்க்கிற கிட் அங்கே இருந்தது, மருந்து காய்ந்துபோயிருந்தது. அப்பா தன்னுடைய கிட்டை எடுத்துக்கொண்டு வண்டியிலேயே வந்துவிட்டார். தண்ணீரில் பஃபர் விட்டு, இண்டிகேட்டர் போட்டால், கடினம் இருந்தால் ஒயின் சிவப்பு, இல்லையென்றால் நீலம். சிவப்பாக இருந்தால் இடிடிஏ-வைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனையாவது சொட்டில் நீலமாகிறது என்று எண்ண வேண்டும். கோச்சிங்கில் இந்தக் கணக்கை எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன், நிறம் மாறி நான் கண்ணால் பார்த்ததில்லை. போர் தண்ணீர் சிவப்பு, 780. சாப்ட்னர் தாண்டிய தண்ணீரும் சிவப்பு, 760. ஆர்ஓ தாண்டி நோயாளிக்குப் போகிற தண்ணீர், அதுவும் சிவப்பு, 80. இந்த எண்கள் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்ற கணக்கு, அதில் கால்சியம் நூற்றுக்கு நாற்பது பங்குதான். அந்த 80ல் பாதிதான் கால்சியத்தால் என்று வைத்துக்கொண்டாலும் லிட்டருக்கு 16 மில்லிகிராம் கால்சியம். வரம்பு 2. மூன்றாம் நாற்காலி மாமாவின் ரத்தத்தில் கால்சியம் 12.8 என்று லேபிலிருந்து வந்தது. பத்தரைக்கு மேல் போகக் கூடாதது.

கட்டியை உடைத்து, புது உப்புப் போட்டு, ரெசினை இரண்டு தடவை அலசி, மெம்பரேனை சிட்ரிக் ஆசிட்டில் கழுவி முடிக்க இரவு ஆகிவிட்டது. இரண்டாவது ஷிப்ட் ஆட்களில் மூச்சு வாங்கிய இரண்டு பேரை வேறு மருத்துவமனைக்கு அனுப்பினோம், மற்றவர்கள் மறுநாள் வந்தார்கள். யாருக்கும் நிரந்தரமாக ஒன்றும் ஆகவில்லை.

ரிஜிஸ்டரில் 18 எழுதிய அண்ணனுக்கும் நன்றி சொல்ல வேண்டும். சிலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். விசாரணையில், "மீட்டர் பழசு, ஏறி இறங்கிட்டே இருந்துச்சு, அதனால முந்தின நாள் நம்பரையே எழுதிட்டேன்" என்று அவர் தானாக ஒப்புக்கொண்டார். மீட்டரின் மேலோ, காலை ஷிப்டின் மேலோ பழியைப் போட்டிருக்கலாம், போடவில்லை. அவர் சொன்னதால்தான் எத்தனை நாளாகக் கெட்டிருக்கும் என்று பின்னோக்கிப் பார்த்து, அந்த நாட்களில் வந்த எல்லாரையும் கூப்பிட்டு ரத்தம் எடுக்க முடிந்தது. அண்ணா, அன்று நீங்கள் பேசியதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் இரண்டு பழக்கம் மாற்றினோம். முன்பு கடினத்தன்மையை எப்போதாவது காலையில் பார்ப்பார்கள். காலையில் சாப்ட்னர் இரவு அலசி முடித்துப் புதிதாக இருக்கும், அரைகுறையாகக் கெட்டிருந்தாலும் நீலம் காட்டிவிடும். இப்போது கடைசி ஷிப்ட் முடிந்து, அது நாள் முழுக்க ஓடிக் களைத்திருக்கும்போது பார்க்கிறோம். உப்புத் தொட்டியைத் தினமும் குச்சியால் குத்துகிறோம். வேலை மாறி நான் இப்போது இருக்கிற இடத்திலும் இதையே செய்கிறேன், புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் முதல் நாளே அந்தக் குச்சியைத்தான் கையில் கொடுக்கிறேன்.

பெரியம்மா, உங்களுக்கு யாராவது இதைப் படித்துக் காட்டுவார்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டேன், சீட் வரவில்லை, ரொம்ப அழுதேன், இப்போது செய்கிற வேலை இது. அடுத்த பொங்கலுக்கு வரும்போது உங்களிடம் நேரிலேயே சொல்கிறேன்.

கடைசியாக மூன்றாம் நாற்காலி மாமாவுக்கு. நீங்கள் அந்த வியாழக்கிழமை வரமாட்டீர்கள் என்று நினைத்தேன். ஆறேகாலுக்கே அத்தையோடு வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டு, "தண்ணி நல்லா இருக்குதுங்களா அம்மிணி?" என்று கேட்டீர்கள். நான் ஒன்றும் சொல்லாமல் குழாயில் தண்ணீர் பிடித்து, உங்கள் முன்னாலேயே மருந்து விட்டுக் காட்டினேன். நீலமாக வந்தது. டம்ளரை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அத்தையிடம் காட்டினீர்கள். அப்புறம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள்.